பாயிண்ட் போட்டுச் சம்பளம் முடிவு செய்யும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்

சேலம் பக்கத்துச் சேகோ பேக்டரிகளிலும் நூல் மில்களிலும் சம்பளக் கட்டமைப்பு என்று எழுதி வைத்த ஒன்று அநேகமாக இருக்காது. முதலாளி சொன்னதுதான் சம்பளம். அங்கே ஒரு புதுப் பதவி வரும்போது, அண்மையில் எம்.பி.ஏ. முடித்த யாராவது 'பாயிண்ட் முறையில் போடலாம்' என்று கிளம்புகிறார். நல்ல யோசனைதான். ஆனால் அதே சில இடங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கூட்டலில் வரும் பிழை, காரணிகளை மறந்துவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தாமாகவே கண்ணில் படும்.

முறை எளிது. 1950இல் ஜெனீவாவில் நடந்த வேலை மதிப்பீட்டு மாநாட்டிலிருந்து பரவலான நான்கு தலைப்புகளை எடுத்துக்கொள்ளலாம்: திறமை, பொறுப்பு, உழைப்பு, பணிச்சூழல். மொத்தம் 500 பாயிண்ட் என்று வைத்து, திறமைக்கு 200, பொறுப்புக்கு 150, மற்ற இரண்டுக்கும் 75, 75 என்று வெயிட்டேஜ் பிரிக்கிறோம். ஒவ்வொன்றையும் ஐந்து படிகளாக்கி, எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த சில வேலைகளுக்கு முதலில் பாயிண்ட் போடுகிறோம். அந்தப் பாயிண்டுகளையும் அந்த வேலைகளின் சம்பளத்தையும் வரைபடத்தில் குறித்து, நடுவே ஒரு கோடு இழுக்கிறோம். புதுப் பதவியின் பாயிண்டுக்கு அந்தக் கோடு காட்டும் தொகைதான் தொடக்கப் புள்ளி. சறுக்கும் இடங்கள் இவை.

ஆளுக்குப் பாயிண்ட் போடுவது

மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தால் மாவுச்சத்துக்குத்தான் பாயிண்ட் பார்க்கிறோம், கொண்டுவந்த விவசாயிக்கு அல்ல. இங்கேயும் அப்படித்தான், பாயிண்ட் வேலைக்கு, அதைச் செய்யும் ஆளுக்கு அல்ல.

இன்று கொடுக்கும் சம்பளத்தை அப்படியே கோட்டில் போடுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். ஆத்தூர் போகும் வழியில் ஒரு சேகோ ஆலை. தரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஈரப்பதம், நிறம், சாம்பல் அளவு எல்லாம் பார்த்து, சரியில்லாத லாட்டை நிறுத்தி வைக்கும் அதிகாரம் உள்ள வேலை. ஒரு இளைஞர் கவனமாக உட்கார்ந்து பாயிண்ட் போட்டிருந்தார். அதில் குறையே இல்லை. திறமை நான்காம் படி 160, பொறுப்பு நான்காம் படி 120, உழைப்பு 30, பணிச்சூழல் 30, ஆக 340. ஆனால் கோட்டுக்குச் சம்பளப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். கணக்குப் புரிவதற்காக எண்களைக் கொஞ்சம் உருட்டிச் சொல்கிறேன்.

| வேலை | பாயிண்ட் | இன்றைய சம்பளம் | வேலைக்கு உரிய தொகை |
|---|---|---|---|
| களத்து உதவியாளர் | 205 | 14,000 | 14,000 |
| எடைமேடை எழுத்தர் | 230 | 29,000 | 17,000 |
| கணக்காளர் | 295 | 22,500 | 22,500 |
| பாய்லர் ஆப்பரேட்டர் | 315 | 25,000 | 25,000 |
| ஷிப்ட் சூப்பர்வைசர் | 330 | 26,500 | 26,500 |
| உற்பத்தி மேலாளர் | 385 | 20,000 | 32,000 |

மூன்றாவது பத்தியை மட்டும் பார்த்தாலே இரண்டு பேர் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். எடைமேடை எழுத்தர் பெரிய முதலாளி காலத்து ஆள். வருடா வருடம் ஏற்றி ஏற்றி 29,000 ஆகிவிட்டது. மேலாளரோ முதலாளியின் மச்சான். வீடு, கார், லாபத்தில் பங்கு எல்லாம் தனியாகப் போகிறது. 20,000 என்பது பெயருக்குப் போடும் சம்பளம். முதலாவது விசுவாசத்துக்கு, இரண்டாவது உறவுக்கு. இரண்டுமே வேலையின் விலை அல்ல.

இந்த எண்களோடு கோடு இழுத்தால் ஒரு பாயிண்ட் கூடும்போது சம்பளம் வெறும் 14 ரூபாய்தான் கூடுகிறது. கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. அதாவது பொறுப்பு கூடினாலும் கூடாவிட்டாலும் இந்த ஆலையில் ஒன்றுதான் என்று அது சொல்கிறது. 340 பாயிண்டுக்கு அது காட்டியது ஏறத்தாழ 23,500. அந்தத் தொகைக்கே ஆள் எடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. யாருடைய லாட்டை நிறுத்த வேண்டுமோ அந்த சூப்பர்வைசருக்கு 26,500. நிறுத்தச் சொல்பவருக்கு மூவாயிரம் குறைவு. 'நீங்க சொல்லி நான் நிறுத்தணுமா சார்?' என்று சூப்பர்வைசர் நேராகவே கேட்டுவிட்டார். வந்த பையன் சில மாதங்களில் நாமக்கல் பக்கம் ஒரு ஆலைக்குப் போய்விட்டான். ஆள் சரியில்லை என்று முதலாளி முடிவு கட்டினார். அடுத்து வந்தவரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். இந்த ஆள் நாளைக்கே விலகினால், இதே வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை எவ்வளவுக்கு எடுப்பீர்கள்? எழுத்தருக்கு 17,000 என்று உடனே பதில் வந்தது. மேலாளர் விஷயத்தில் முதலாளி கொஞ்சம் நெளிந்தார். 'வெளியாள்னா முப்பதுக்கு மேல கேப்பான்' என்றார். முதலாளியின் வாய்க்கணக்கை மட்டும் நம்பக் கூடாது. அருகிலுள்ள இரண்டு மூன்று ஆலைகளில் அண்மையில் சேர்ந்தவர்களிடம் விசாரித்துச் சரிபார்த்து 32,000 என்று வைத்தோம்.

கடைசிப் பத்தியை வைத்து மறுபடியும் கோடு போட்டால் ஒரு பாயிண்டுக்குச் சுமார் 98.50 ரூபாய் கூடுகிறது. 340க்கு 27,400. பாயிண்டில் ஒன்றைக்கூட மாற்றவில்லை, நான்காயிரம் ரூபாய் வித்தியாசம்.

கோடு நம்பத்தக்கதா என்று கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாம். எக்செல்லில் B பத்தியில் பாயிண்ட், C பத்தியில் சம்பளம் வைத்து இதைப் போடுங்கள்:

```
=RSQ(C2:C7, B2:B7)
=FORECAST(340, C2:C7, B2:B7)
```

முதல் விடை 1க்கு அருகில் இருந்தால் சம்பளம் பாயிண்டோடு சேர்ந்து போகிறது என்று பொருள். அந்த இளைஞரின் பட்டியலுக்கு வந்தது 0.03. இரண்டாவது சூத்திரம் அதைப் பற்றிக் கவலைப்படாமல் 23,492 என்று ரூபாய் சுத்தமாக ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்தச் சுத்தத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். திருத்திய பட்டியலுக்கு 0.99ஐத் தாண்டும். உதாரணத்துக்காக நான் ஒழுங்குபடுத்தியதால்தான் அவ்வளவு. நிஜத்தில் அப்படி அழகாக வராது. ஆனால் பாதிக்கும் கீழே போனால் புதுப் பதவியை விட்டுவிட்டு பழைய பட்டியலைப் பாருங்கள்.

இதையே சாக்காக வைத்து இஷ்டத்துக்குப் பட்டியலைத் திருத்தவும் கூடாது. கோட்டை விட்டு விலகுவதால் மட்டும் ஒரு புள்ளியை நீக்கக் கூடாது. ஏன் விலகுகிறது என்று பெயர் சொல்லி ஒரு காரணம் இருக்க வேண்டும். உலர்களத்தில் ஒரே வேலைக்கு ஆண்களுக்கு ஒரு சம்பளம், பெண்களுக்குக் குறைவு என்றால் அதுவும் வேலையின் விலை அல்ல. குறைந்த எண்ணைக் கோட்டில் போட்டால் அந்தப் பாகுபாட்டைப் புதுப் பதவிக்கும் இழுத்து வருகிறோம். சமவேலைக்குச் சம ஊதியம் 1976இலேயே சட்டமாகிவிட்டது.

எழுத்தரின் சம்பளத்தைக் குறைக்கச் சொல்கிறேனா என்றால் இல்லை. அவர் வாங்குவதை வாங்கட்டும். ரிஜிஸ்டரில் 17,000க்கு மேல் உள்ளது அவருடைய சர்வீசுக்கானது என்று குறித்து வையுங்கள், அவ்வளவுதான். அவர் ஓய்வு பெற்றதும் வருபவருக்கு 17,000இலிருந்து தொடங்கலாம்.

விடை பிடிக்கவில்லை என்று வெயிட்டேஜை மாற்றுவது

அப்படியானால் பாயிண்ட் எதற்கு? நேராகவே சம்பளத்தைச் சொல்லிவிடுங்கள்.

சென்னைச் சம்பளத்தோடு ஒப்பிடுவது

உங்கள் ஆள் போகப்போவது நாமக்கல்லுக்கும் ஆத்தூருக்கும்.

கிராஸும் கைக்கு வருவதும் கலந்துபோவது

ஒருவருக்குப் பி.எஃப். பிடித்த பிறகு, இன்னொருவருக்குப் பிடிக்கும் முன் என்று எடுத்தால் கோடு கோணலாகும். எல்லோருக்கும் கிராஸையே எடுங்கள்.

கோட்டை அதன் எல்லைக்கு வெளியே நீட்டுவது

இந்தக் கோடு 205இலிருந்து 385 வரைக்கும்தான் பேசும். நாளைக்கே 470 பாயிண்டில் ஒரு ஜெனரல் மேனேஜர் வேண்டும் என்றால் இதிலிருந்து படிக்க முடியாது. அங்கே சந்தை விசாரிப்புதான் வழி. கீழேயும் அப்படித்தான். இதே கோட்டில் 60 பாயிண்டுக்குச் சம்பளம் மைனஸில் போய்விடும்.

ஒரே எண்ணாக நிறுத்துவது

27,400 என்பது நடுப்புள்ளி. மேலும் கீழும் பத்து சதவீதம் விட்டு 24,700 முதல் 30,100 வரை என்று வைத்தோம். லேபில் ஓரளவு அனுபவம் உள்ளவர் கிடைத்ததால் 27,000க்கு எடுத்தார்கள். சூப்பர்வைசரை விட ஐந்நூறு ரூபாய்தான் அதிகம், ஆனாலும் லாட்டை நிறுத்தச் சொன்னால் இப்போது நிறுத்துகிறார்.