தாத்தா பத்திரத்தில் அணா, பை: படிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

சென்ற மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் கொள்ளுத்தாத்தா எழுதிய கூட்டு வியாபாரப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். நான்கு பங்காளிகளின் பங்கைக் கூட்டினால் 16 வரவில்லை, 16.4 வருகிறது, ஆகவே பத்திரமே தப்பு என்று உறுதியாகச் சொன்னான். பத்திரம் சரியாகத்தான் இருந்தது. அவன் செய்தது நான் இருபது வருடத்துக்கு முன்பு செய்த தப்பின் தம்பி. அதனால்தான் இதை எழுதுகிறேன். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

கோட்டைப் புள்ளியாகப் படிப்பது

பழைய கணக்கில் 5-4-6 என்று இருந்தால் அது 5 ரூபாய் 4 அணா 6 பை. ஒரு அணாவுக்கு 12 பை, ஒரு ரூபாய்க்கு 192 பை. நம் ஊர்ப் பேச்சில் பைக்குத் தம்படி என்று பெயர். 5-4-6 என்பதை 5.46 என்று எழுதிவிட்டால் கணக்கு போச்சு. நான்கு அணா கால் ரூபாய், அதாவது 25 பைசா. ஆறு பை அரை அணா, அதாவது மூன்று பைசாவுக்குச் சற்று மேல். மொத்தம் 5 ரூபாய் 28 பைசா.

நடு எண் 15-ஐத் தாண்டாது, கடைசி எண் 11-ஐத் தாண்டாது. ஒரு பக்கம் முழுக்க அப்படியே இருந்தால் நீங்கள் பார்ப்பது ரூபாய், அணா, பைக் கணக்கு. கடைசி இடத்தில் 40, 75 என்று வர ஆரம்பித்தால் அந்தப் பக்கம் புதுக்காசுக் காலத்தில் எழுதியது.

"பைசா" என்ற சொல்லை நம்புவது

1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் பைசா என்றால் காலணா. ஒரு அணாவுக்கு நான்கு, ஒரு ரூபாய்க்கு 64. அன்றைக்குப் பிறகு ரூபாய்க்கு 100. இரண்டும் ஒரே சமயத்தில் புழங்கியதால் புதியதை நயா பைசா என்றார்கள், நம் பக்கம் புதுக்காசு. 1964 ஜூன் மாதம் "நயா" என்ற சொல்லை அரசு எடுத்துவிட்டது. ஆகவே பைசா என்று கண்ட இடத்திலெல்லாம் முதலில் பத்திரத்தின் தேதியைப் பாருங்கள். 1950-இல் எழுதிய "32 பைசா" அரை ரூபாய். 1970-இல் எழுதிய "32 பைசா" ரூபாயில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மாறிய அந்தச் சில வருடங்களின் நோட்டில் ஒரு பைசா இடித்தால் எழுதியவரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு அணா என்பது ஆறேகால் புதுக்காசு. கால் காசு என்று ஒன்று கிடையாது. சில்லறையாக ஒரு அணா கொடுத்தால் 6 காசு, இரண்டணா சேர்த்துக் கொடுத்தால் 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்றுதான் மாற்று அட்டவணை இருந்தது. ஒவ்வோர் அணாவாக நான்கு முறை கொடுத்தவருக்கு 24 காசுதான் கணக்கில் ஏறியிருக்கும்.

"அ" என்றால் எப்போதும் அணா இல்லை

அணாவின் சுருக்கமாக எடுத்துக்கொள்ளத் தோன்றும் அதே எழுத்து வடிவம், தமிழ் எண்ணில் ௮, அதாவது எட்டு.

பங்கைப் பணமாகப் படிப்பது

இதுதான் என்னை இன்றும் தூங்கவிடாத தப்பு. இதில் பணம் போகும்.

அணா ஒரு காசு மட்டும் இல்லை. அது ஒரு பின்னமும்கூட. முழுச் சொத்து அல்லது முழு வியாபாரத்தை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பங்கையும் அணாவில் சொல்வார்கள். நாலணா பங்கு என்றால் நான்கில் ஒன்று. இரண்டணா பங்கு என்றால் எட்டில் ஒன்று. வங்காளத்து நிலப் பதிவேடுகளிலும் முழு உரிமையைப் பதினாறு அணா என்று வைத்துத்தான் பிரித்து எழுதினார்கள். நம் பக்கம் கூட்டு வியாபாரப் பத்திரங்களில் இந்த முறை நிறையக் கண்ணில் படும்.

என் அத்தையின் மாமனார் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு அரிசி ஆலை நடத்தினார். ஆலை எப்போதோ மூடிவிட்டது, இடம் மட்டும் இருந்தது. அதை விற்கப் போகும்போது மற்ற மூன்று குடும்பத்தாரும் அத்தையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டார்கள். கைக்கு இருபதாயிரம் தருவதாகப் பேச்சு. அத்தை பழைய பத்திரத்தை என்னிடம் கொடுத்து, "இதுல நமக்கு என்னப்பா இருக்கு, பார்த்துச் சொல்லு" என்றார். அதில் நால்வர் பெயரையும் எழுதி, முறையே 5-4, 5-4, 2-8, 2-8 என்று இருந்தது. கடைசி 2-8 அத்தையின் மாமனாருடையது. நான் அதை இரண்டு ரூபாய் எட்டணா என்று படித்தேன். "அவர் இரண்டரை ரூபாய்தான் போட்டிருக்கிறார், அத்தை. இருபதாயிரம் தருவதே பெரிசு" என்று சொன்னேன். அத்தை என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து, வேறு ஒரு வேலையாக, பத்திரம் எழுதிப் பழகிய ஒரு பெரியவரிடம் அதே நகலைக் காட்ட நேர்ந்தது. அவர் விரல் விட்டுக் கூட்டினார். இரண்டு 5-4 சேர்ந்தால் பத்தணா எட்டுப் பை. இரண்டு 2-8 சேர்ந்தால் நான்கணா பதினாறு பை, அதாவது ஐந்தணா நான்கு பை. இரண்டையும் சேர்த்தால் பதினைந்து அணாவும் பன்னிரண்டு பையும். பன்னிரண்டு பை ஒரு அணா. ஆக மொத்தம் பதினாறு அணா, சரியாக ஒரு ரூபாய். "இது பங்கு தம்பி, பணம் இல்லை" என்றார்.

2-8 என்பது 32 பை. ரூபாய்க்கு 192 பை. 192-ஐ 32-ஆல் வகுத்தால் ஆறு. அத்தை குடும்பத்துக்கு ஆறில் ஒரு பங்கு இருந்திருக்கிறது. 5-4 என்பது 64 பை, அதாவது மூன்றில் ஒன்று. இடம் விற்றது 18 லட்சத்துக்கு. அத்தைக்கு வந்திருக்க வேண்டியது 3 லட்சம், வந்தது இருபதாயிரம். விருப்பத்தோடு எழுதிப் பதிவு செய்துகொடுத்த விடுதலைப் பத்திரத்தைப் பிறகு அசைப்பது லேசான காரியம் இல்லை. அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தப் பையன் பங்கு என்பதைக் கண்டுபிடித்துவிட்டான், அந்த அளவுக்கு என்னைவிடத் தேவலை. அவன் கொண்டுவந்த பத்திரத்திலும் இதே நான்கு எண்கள். நான்கு பேரில் இரண்டு பேருக்கு மற்ற இருவரைப் போல இரு மடங்கு என்று பிரித்தால் எங்கேயும் இதே எண்கள்தான் வரும். ஆனால் அவன் 5-4 என்பதை 5.4 ஆக்கிக் கூட்டியதால்தான் 16.4 வந்தது. அந்தக் கணக்கை வைத்து 18 லட்சத்தைப் பிரித்தால் இரண்டு பேருக்கு 6,07,500, இரண்டு பேருக்கு 3,15,000 என்று ஆகும். கூட்டிப் பாருங்கள், கையில் இல்லாத 45,000 ரூபாயைப் பங்கு போட்டிருப்பான்.

பங்கா பணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், பத்திரத்தில் உள்ள எல்லோருடைய எண்ணையும் பையாக மாற்றிக் கூட்டுங்கள். 192 வந்தால் அது பங்குதான். அப்புறம், "ரூபாய்க்கு" என்ற சொல் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். "ரூபாய்க்கு அணா 2 பை 8 வீதம்" என்றால் ஐயமே வேண்டாம். ரூபாயும் சேர்ந்த பணத் தொகை என்றால் பெரும்பாலும் மூன்று எண் இருக்கும், பை இல்லாவிட்டாலும் 2-8-0 என்று சுழியம் போடுவார்கள். இரண்டே எண் இருந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். நான் அதைத்தான் கவனிக்கவில்லை. 5-4, 2-8, 1-4 போன்றவை வந்தாலே பங்கு என்று சந்தேகப்படலாம். ஒரு ரூபாயை மூன்றாக, ஆறாக, பன்னிரண்டாகப் பிரித்தால் கிடைப்பவை அவை. நூறு காசில் மூன்றில் ஒன்று மீதியில்லாமல் வராது, 192 பையில் வரும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பங்கு என்று தெரிந்தவுடனே நிலத்தில் உரிமை என்று குதித்துவிடாதீர்கள். சில பத்திரங்களில் அந்த அணா லாப நஷ்டத்துக்கு மட்டும். இடம் யார் பெயரில் வாங்கப்பட்டது என்பது கிரயப் பத்திரத்தில் இருக்கும். ஆலை விஷயத்தில் இடமும் நால்வர் பெயரில், அதே பங்கில் இருந்தது. உங்கள் வீட்டில் எப்படி என்று இரண்டு பத்திரத்தையும் சேர்த்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், எங்கேயும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

கன்னியாகுமரிப் பத்திரத்தில் அணாவைத் தேடுவது

1956 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். பழைய பத்திரம் என்றால் பெரும்பாலும் பணமும் சக்கரமும் காசும் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

இன்றைய மதிப்பு எவ்வளவு என்று ஒரே எண்ணில் கேட்பது

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. எழுதிய தொகை இன்றைய காசில் எவ்வளவு என்றால் பதில் சின்னது. எட்டணா இன்றும் 50 பைசாதான், 100 ரூபாய் இன்றும் 100 ரூபாய்தான். நாலணாவுக்கு ஈடான 25 பைசா நாணயம் 2011 ஜூன் மாத முடிவோடு செல்லாமல் போய்விட்டது, கணக்கில் மட்டும் இருக்கிறது.

அந்தப் பணத்துக்கு அன்று என்ன கிடைத்தது என்றால், பதில் அதே நோட்டில் தேடுங்கள். என் பாட்டியின் 1941 கணக்கு நோட்டில் நாற்று நட்ட ஆளுக்குக் கூலி ஆறணா. நூறு ரூபாய் 1,600 அணா, ஆக 266 நாள் கூலி. இன்று எங்கள் ஊரில் ஆள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதே நோட்டில் பவுன் 32 ரூபாய். அந்தக் கணக்கில் நூறு ரூபாய் மூன்று பவுனுக்குச் சற்று மேல். அதை இன்றைய பவுன் விலையால் பெருக்கிப் பாருங்கள், கூலிக் கணக்கோடு ஒத்துவராது. இரண்டில் எதுவும் பொய் இல்லை. பாட்டி அந்த நூறு ரூபாயை நடவுக்குச் செலவழித்தாரா, நகையாக்கினாரா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற கணக்கைப் போடுங்கள். எங்கள் பாட்டி நடவுக்குத்தான் கொடுத்திருக்கிறார். அடுத்த பக்கத்தில் ஆள் ஆளாக எழுதி வைத்திருக்கிறார்.