ரீபோஸ்ட்டை எடுத்துவிட்டால் போதுமா? எக்ஸ் தளத்தில் பலரும் செய்யும் தவறுகள்

மழைக்காலம் வந்தால் இது வருஷாவருஷம் நடக்கும். இரவு ஒன்பது மணி வாக்கில், மாவட்ட ஆட்சியர் பெயர் போட்டு "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ஒரு படம் எக்ஸ் தளத்தில் சுற்ற ஆரம்பிக்கும். பார்த்தால் அசல் அறிவிப்பு மாதிரியே இருக்கும். தேதியை உற்றுப் பார்த்தால்தான் போன வருஷத்தது என்று தெரியும். அதற்குள் பாதிப் பேர் ரீபோஸ்ட் செய்திருப்பார்கள். பதிவின் கீழே யாராவது "இது பழசுங்க" என்று எழுதியதும் அவசர அவசரமாக எடுத்துவிடுவார்கள். அப்புறம்தான் சந்தேகம் வரும்: நம்மைப் பின்தொடர்கிறவர்கள் கண்ணில் அது இன்னும் படுமா?

எடுத்த பிறகு டைம்லைனைப் புதிதாகத் திறப்பவருக்கு "இவர் ரீபோஸ்ட் செய்தார்" என்று உங்கள் பெயரோடு அது வராது. உங்கள் பக்கத்திலும் இருக்காது. ஆனால் அந்தப் பதிவு அவர் கண்ணில் படவே படாது என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது.

2009 நவம்பருக்கு முன்பு ட்விட்டரில் ரீட்வீட் செய்ய பட்டன் கிடையாது. அடுத்தவர் எழுதியதை காப்பி செய்து, முன்னால் RT என்று போட்டு, நம் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். அது முழுக்க நம்முடைய ட்வீட். அவர் தன்னுடையதை அழித்தாலும் நம்மிடம் உள்ளது அப்படியே இருக்கும். பட்டன் வந்த பிறகு கதை மாறிவிட்டது. இப்போது ரீபோஸ்ட் என்பது நகல் இல்லை. அசல் பதிவு எழுதியவரிடமே இருக்கிறது. "இதை என்னைப் பின்தொடர்கிறவர்களுக்கும் காட்டு" என்று நாம் ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறோம். எடுக்கும்போது போவது அந்தக் குறிப்புதான். 2023இல் தளத்தின் பெயர் எக்ஸ் ஆனபோது ரீட்வீட் என்பது ரீபோஸ்ட் ஆனது. வேலை செய்யும் விதம் அதேதான்.

எடுப்பது சுலபம். பதிவின் கீழே இரண்டு அம்புக்குறி உள்ள ஐகான் பச்சையாக இருக்கும். அதைத் தொட்டால் "Undo repost" என்று வரும், அதை அழுத்தினால் பச்சை போய்விடும், எண்ணிக்கையில் ஒன்று குறையும். எடுத்ததைப் பற்றி எழுதியவருக்கோ உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்கோ எந்த அறிவிப்பும் போகாது.

இங்கேதான் முதல் தவறு. அதே ஐகானைத் தொட்டால் "Quote" என்றும் ஒன்று இருக்கிறதே, பலர் அதில் போய் "பெற்றோர்கள் கவனத்துக்கு" என்று ஒரு வரி சேர்த்துப் பகிர்ந்திருப்பார்கள். பிறகு அசல் பதிவுக்குப் போய் "Undo repost" தேடுவார்கள். கிடைக்காது. அல்லது இரண்டையும் செய்திருப்பார்கள். ரீபோஸ்ட்டை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். கோட் என்பது உங்கள் சொந்தப் பதிவு. அதற்குத் தனி லிங்க் உண்டு, தனி லைக் உண்டு, கீழே தனி பதில்கள் உண்டு. ரீபோஸ்ட்டை எடுப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. உங்கள் பக்கத்துக்குப் போய், அந்தப் பதிவின் மூன்று புள்ளியைத் தொட்டு, தனியாக அழிக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அசல் பதிவைப் போட்டவர் பயந்துபோய் அதை அழித்துவிட்டால், உங்கள் வெறும் ரீபோஸ்ட் தானாகப் போய்விடும். கோட் போகாது. உள்ளே இருந்த பதிவு கிடைக்கவில்லை என்று ஒரு கட்டம் மட்டும் நிற்கும். மேலே நீங்கள் எழுதிய வரி உங்கள் பெயரோடு அப்படியே இருக்கும். எதைப் பற்றி எழுதினீர்கள் என்பதே தெரியாமல் அந்த வரி மட்டும் தனியாக நிற்பது சில நேரம் இன்னும் மோசமாகத் தெரியும்.

சரி, வெறும் ரீபோஸ்ட் மட்டும்தான் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு 9.10க்குச் செய்தீர்கள், 9.25க்கு எடுத்தீர்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் 500 பேர். யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

9.15க்கு ஆப்பைத் திறந்த உங்கள் அண்ணி பார்த்துவிட்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால், அந்தப் படத்தில் மேலே உங்கள் பெயரும் இருக்கும். எக்ஸில் நீங்கள் செய்வது எதுவும் அங்கே எட்டாது.

கல்லூரித் தோழி 9.20க்கு டைம்லைனைத் திறந்தார், பாதியில் போன் வந்தது, பேசிவிட்டு 9.40க்குத் திரும்பி அதே இடத்திலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போகிறார். அவர் போனில் ஏற்கெனவே இறங்கிவிட்ட டைம்லைன் அது. மேலே இழுத்துப் புதுப்பிக்கும் வரை உங்கள் பெயரோடு ரீபோஸ்ட் அங்கே இருக்கலாம். "எடுத்துவிட்டேன் என்கிறாய், எனக்குத் தெரிகிறதே" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம். புதுப்பிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அலுவலக நண்பர் 9.22க்கு உங்கள் வழியாகப் பார்த்து அவரும் ரீபோஸ்ட் செய்துவிட்டார். அவர் செய்தது உங்கள் ரீபோஸ்ட்டின் ரீபோஸ்ட் இல்லை. அசல் பதிவோடு நேராக ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் எடுத்தாலும் அவருடையது நிற்கும். அவரையும் உங்களையும் சேர்த்துப் பின்தொடர்கிறவர்கள் பத்து மணிக்கும் அதைப் பார்ப்பார்கள், அவர் பெயரோடு. அவரை எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் நீங்கள்தான் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டும்.

கடைசியாக, 10.30க்கு ஆப்பைத் திறக்கும் உங்கள் தம்பி. அவர் "Following" பக்கத்தில் இருந்தால் உங்கள் பெயரில் ஒன்றும் இருக்காது. ஆனால் பெரும்பாலானவர்கள் இருப்பது "For you" பக்கத்தில். அங்கே பின்தொடராதவர்களின் பதிவுகளும் வரும். விடுமுறைப் பதிவு வேகமாகப் பரவிக்கொண்டிருந்தால் அது தம்பிக்கும் வரும். அதில் உங்கள் பங்கு ஏதும் இல்லை, உங்கள் பெயரும் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "எடுத்தது சரியாக எடுபடவில்லை போல" என்று மறுபடி ரீபோஸ்ட் செய்து மறுபடி எடுப்பவர்கள் உண்டு. வேண்டாத வேலை. மறுபடி அழுத்தும் அந்தக் கணத்தில் டைம்லைனைத் திறப்பவருக்கு அது புத்தம்புதிய ரீபோஸ்ட்டாக மேலே வந்து நிற்கும்.

எடுபட்டதா என்று பார்க்க நம்பகமான இடம் உங்கள் சொந்தப் பக்கம்தான். லாகின் செய்யாத பிரவுசரையோ தம்பியின் டைம்லைனையோ வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் பக்கத்தில் "You reposted" என்ற வரியோடு அந்தப் பதிவு இல்லை, ஐகானும் பச்சையாக இல்லை என்றால் சரி. இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அலுவலகக் கணக்கில் ரீபோஸ்ட் செய்துவிட்டு, சொந்தக் கணக்கில் வந்து பார்த்தால் ஐகான் பச்சையாக இருக்காது. "நான் செய்யவே இல்லை போல" என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் மேலாளர் கூப்பிடுவார்.

அடுத்தது, எடுக்காமல் மறைக்கப் பார்ப்பது. கணக்கைப் பூட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பூட்டினால் வெளியாட்களுக்குத்தான் தெரியாது. ஏற்கெனவே பின்தொடர்கிற 500 பேரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நீங்கள் கவலைப்பட்டதே அவர்களைப் பற்றித்தானே. அசல் பதிவு போட்டவரின் கணக்கு முடக்கப்பட்டதால் ரீபோஸ்ட் மறைந்துவிட்டது என்று இருந்துவிடுவதும் இதே ரகம். அந்தக் கணக்கு திரும்பி வந்தால் பதிவும் வரலாம், கூடவே உங்கள் ரீபோஸ்ட்டும் வரலாம். தெரியும்போதே எடுத்துவிடுவது நல்லது.

மிகப் பழைய ரீபோஸ்ட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பக்கத்தில் அது நிற்கும், ஆனால் ஐகான் பச்சையாக இருக்காது, எடுக்கும் வழியும் தெரியாது. அப்போது மட்டும் ஒருமுறை ரீபோஸ்ட் செய்து உடனே எடுத்துப் பாருங்கள். பல நேரம் பழையதும் சேர்ந்து போய்விடும். ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்துச் செய்தால் யார் கண்ணிலும் படாது. அழித்தது அழிந்தபடியே இருக்கும் என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023 மே மாதத்தில், முன்பே அழித்த ட்வீட்டுகளும் ரீட்வீட்டுகளும் தங்கள் பக்கத்தில் மறுபடி முளைத்திருப்பதாகப் பயனர்கள் பலர் புகார் சொன்னார்கள். மொத்தமாகச் சுத்தம் செய்தவர்கள் சில வாரம் கழித்து ஒருமுறை போய்ப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

ஃபேஸ்புக் பழக்கத்தோடு எக்ஸுக்கு வருகிறவர்கள் வேறு விதமாகக் குழம்புவார்கள். ஃபேஸ்புக்கில் ஷேர் செய்தால் உங்கள் பக்கத்தில் தனிப் பதிவே உருவாகிறது. மேலே ஒன்றும் எழுதாவிட்டாலும் அதற்குத் தனி கமெண்ட், தனி லைக் உண்டு. அங்கே திரும்பப் பெறும் பட்டன் இல்லை. அந்தப் பதிவைத்தான் அழிக்க வேண்டும். அழித்ததும் குப்பைத்தொட்டிக்குப் போய், 30 நாளில் நிரந்தரமாகப் போகும். ஒரே பதிவை உங்கள் பக்கத்திலும் இரண்டு குரூப்பிலும் ஷேர் செய்திருந்தால் அவை மூன்று பதிவுகள். மூன்றையும் தனித்தனியாகத்தான் அழிக்க வேண்டும். குரூப்பில் போட்டதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

விடுமுறை வதந்தியோடு போனால் பரவாயில்லை. யாரையாவது இழிவுபடுத்தும் பதிவாக இருந்தால், எடுத்துவிட்டேன் என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும்? நடிகரும் முன்னாள் எம்எல்ஏவுமான எஸ்.வி.சேகர் வழக்கு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை அவர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியது வேறொருவர். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. பகிர்ந்தவரும் அதற்குப் பொறுப்பு என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நீக்கியதால் பரவுவது குறைந்திருக்கும். பகிர்ந்த செயல் இல்லாமல் போகவில்லை.

இதனால்தான் தப்பான தகவலை ரீபோஸ்ட் செய்துவிட்டால் சத்தமில்லாமல் எடுப்பதோடு நிறுத்துவதும் ஒரு தவறு என்கிறேன். 9.15க்குப் பார்த்த அண்ணி உங்களை நம்பி அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். நீங்கள் எடுத்தது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். ரீபோஸ்ட்டை எடுத்த கையோடு சொந்தமாக ஒரு பதிவு போடுங்கள்: "சற்று முன் நான் ரீபோஸ்ட் செய்த விடுமுறை அறிவிப்பு போன வருஷத்தது. நாளை எங்கள் மாவட்டத்துக்கு விடுமுறை அறிவிக்கப்படவில்லை." கூடவே ஆட்சியரின் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து வந்த பதிவின் லிங்க்கைச் சேருங்கள். பழைய பதிவையே கோட் செய்து "இது தப்பு" என்று எழுத வேண்டாம். அவசரமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் படமும் "விடுமுறை" என்ற பெரிய எழுத்தும்தான்.