ஆன்லைனில் நகை வாங்கும்போது செய்யும் தவறுகள்: முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது

சித்தி ஆர்டர் செய்த ஒரு பவுன் சங்கிலி ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பிடித்துப்போய், அந்தக் கடையின் இணையதளத்தில் வாங்கியது. கொக்கிக்குப் பக்கத்தில் குட்டித் தகடு. அதில் முக்கோணச் சின்னம், 22K916, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. பெட்டிக்குள் 'தரச் சான்றிதழ்' என்று அச்சடித்த பளபள அட்டையும் இருந்தது. "எல்லாம் சரியாத்தானேடா இருக்கு?" என்றார் சித்தி. அந்த ஆறு இலக்கத்தை, ஹால்மார்க்கை நடத்தும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் `BIS CARE` ஆப்பில் தட்டினேன். தரம் 22K916 என்றே வந்தது. ஆனால் என்ன பொருள் என்று சொல்லும் இடத்தில், சங்கிலிக்குப் பதில் மோதிரம் என்று இருந்தது.

எங்கோ ஒரு நல்ல மோதிரத்தில் இருந்த எண்ணை இந்தச் சங்கிலியில் பொறித்திருக்கிறார்கள். ஆன்லைனில் நகை வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அது இந்த நகைக்கு உரியதா என்று பார்க்க மாட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான தங்க நகைகளை இந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. ஒவ்வொரு நகைக்கும் தனி எண். ஆப்பில் `Verify HUID` பகுதிக்குப் போய் எண்ணைப் போட்டால், நகையின் வகை, தரம், எந்த மையத்தில் முத்திரை குத்தினார்கள், எந்த நகைக்கடையின் பதிவில் அது வந்தது என்ற விவரங்கள் வரும். பில்லில் இருக்கும் எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதாது. பூதக்கண்ணாடி வைத்தாவது நகையில் இருப்பதைப் படித்து, அதைப் போட வேண்டும். கடைக்காரர் தாமே அச்சடித்து வைக்கும் சான்றிதழ் அட்டையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்பில் வரும் நகைக்கடைப் பெயரும் நீங்கள் வாங்கிய கடையின் பெயரும் வேறாக இருந்தால், அதை வைத்தே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். செய்து கொடுக்கும் மொத்த வியாபாரியே தன் பதிவில் முத்திரை வாங்கி, பிறகு கடைகளுக்கு விற்பது உண்டு. பொருளின் வகையோ தரமோ மாறினால்தான் சந்தேகப்பட வேண்டும். அதேபோல, 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. சின்ன மூக்குத்தியில் முத்திரை இல்லாததும் குற்றம் அல்ல. ஆனால் அந்த மாதிரிப் பொருளை, முகம் தெரியாத கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

வைர நகைக்கு ஹால்மார்க் தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்லும், கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கல்லுக்கு ஆய்வகச் சான்றிதழ் வேண்டும். அதன் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். சான்றிதழிலேயே உள்ள க்யூ.ஆர். குறியீட்டை நம்ப வேண்டாம், அது போலித் தளத்துக்கும் கூட்டிப் போகலாம். கல் இயற்கையானதா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இனி திரும்ப எடுக்கும் விதிகள். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய, ஏனென்றால் ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச், பைபேக் மூன்றும் காதில் ஒரே மாதிரி விழுகின்றன. கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் சங்கிலிக்குத் தங்கத்தின் விலை 80,000. செய்கூலி 12 சதவீதம் என்றால் 9,600. அப்புறம் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688. ஆக மொத்தம் 92,288 ரூபாய். ரிட்டர்ன் என்றால் இந்தத் தொகை முழுதாகத் திரும்ப வர வேண்டும். எக்ஸ்சேஞ்ச், பைபேக் என்றால் பெரும்பாலும் அன்றைய தங்க விலைதான். செய்கூலியும் வரியும் போய்விடும். விலை மாறாத நிலையிலும் 12,288 ரூபாய் நஷ்டம். 'வாழ்நாள் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெரிய எழுத்தைப் பார்த்து, ரிட்டர்ன் ஏழே நாள்தான் என்ற சின்ன எழுத்தை விட்டுவிடுகிறோம். தங்கக் காசு, பெயர் பொறித்தது, அளவு சொல்லிச் செய்யச் சொன்னது ஆகியவற்றைப் பல கடைகள் திரும்ப எடுப்பதே இல்லை. பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைப் படித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அது மாறியிருக்கலாம்.

அந்த ஏழு நாளைச் சோதிப்பதற்கான நாள்களாக நினையுங்கள். விசேஷத்துக்கு டேக்கை வெட்டிப் போட்டுக்கொண்டு போய்விட்டு, பத்து நாள் கழித்துச் சந்தேகப்பட்டால் வழி இல்லை. சித்தி வீட்டில் பார்சலைப் பிரிக்கும்போதே, முகவரிச் சீட்டிலிருந்து நகை வெளியே வரும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்திருந்தோம். அன்று மாலையே பக்கத்து நகைக்கடையில் எடை போட்டோம். கல் வைத்த நகையாக இருந்தால் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை என்று பில்லில் தனித்தனியே இருக்க வேண்டும். கல் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம். கல்லும், நகைக்குள் நிரப்பிய மெழுகும் தங்க விலையில் போய்விடக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் மையத்திலேயே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைவு என்று உறுதியானால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகத் தர வேண்டும் என்பது பி.ஐ.எஸ். விதி.

கடையைப் பற்றி ஆர்டருக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சித்தி பார்த்தது பின்தொடர்வோர் எண்ணிக்கையை. நான் பார்த்திருந்தால் முதலில் தளத்தின் அடியில் ஜி.எஸ்.டி. எண்ணைத் தேடியிருப்பேன். அதை `gst.gov.in` தளத்தில் போட்டால், எந்தப் பெயரில், எந்த ஆண்டு முதல் பதிவு இருக்கிறது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு நட்சத்திரங்களைப் படியுங்கள். டெலிவரி தாமதம் என்ற புகார் எல்லாக் கடைக்கும் வரும். 'திருப்பி அனுப்பினேன், பணம் வரவில்லை' என்பது திரும்பத் திரும்ப வந்தால் அங்கே வாங்காதீர்கள். இன்னொன்று, பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பும்போது கடைப் பெயருக்குப் பதில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கார்டில் கட்டினால் பிரச்சினை வரும்போது வங்கியிடம் முறையிடும் வழியாவது இருக்கும்.

'கோல்டு' என்ற சொல்லும் ஏமாற்றும். ஒன் கிராம் கோல்டு, மைக்ரோ கோல்டு எல்லாம் மேலே முலாம் பூசிய கவரிங் வகைதான். விலையிலேயே தெரிந்துவிடும் என்பார்கள். ஆனால் படத்தையும் தலைப்பையும் பார்த்து அவசரத்தில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சித்தி விஷயத்தில், ஆப்பின் ஸ்கிரீன்ஷாட், பிரித்த வீடியோ, எடைச் சீட்டு மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினோம். முதலில் பதில் இல்லை. புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதையும் எழுதி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தோம். அதன் பிறகுதான் சங்கிலியைத் திருப்பி எடுக்க ஆள் அனுப்பினார்கள். கொடுக்கும்போது அதையும் எடை போட்டு வீடியோ எடுத்தோம். கட்டிய பணம் முழுவதும், செய்கூலியும் வரியும் சேர்த்து, சித்தியின் கணக்குக்கு வந்தது.