சொறி சிரங்கு: ஒரே இரவில் வீடு முழுக்கப் பூச வேண்டும்

வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு என்று மருத்துவர் சொன்னால், அரிப்பு இல்லாதவர்களும் அதே இரவில் பெர்மெத்ரின் 5% க்ரீம் பூச வேண்டும். சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி புதிதாகத் தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே சில வாரம் ஆகலாம். அவரை விட்டுவிட்டால் குணமானவருக்கு அவரிடமிருந்தே திரும்ப வரும்.

அரிக்கிற இடத்தில் மட்டும் தடவுவதால்தான் பலருக்கும் இது போவதில்லை. உடம்பு உலர்ந்து, சூடு தணிந்திருக்கும்போது கழுத்திலிருந்து பாதம் வரை பூசுங்கள். விரல் இடுக்கு, நக அடி, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு, உள்ளங்கால் எதுவும் விடுபடக் கூடாது. பெரியவருக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று தேவைப்படும். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. குழந்தைகள், முதியவர்களுக்குத் தலை, முகத்திலும் பூச வேண்டியிருக்கும்; கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

காலையில் குளித்ததும் துவைத்த துணி உடுத்துங்கள். கடந்த மூன்று நாளில் தொட்ட உடை, துண்டு, போர்வையை நல்ல வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். உடம்பை விட்டு விலகிய பூச்சி பொதுவாக மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டுக்கு மருந்தடிப்பதெல்லாம் வீண் வேலை.

அப்புறம், பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு, மூன்று வாரம் இருக்கும். அதற்காகத் தினமும் க்ரீம் பூசாதீர்கள். புதிய கொப்புளம் வந்தாலோ, நான்கு வாரம் தாண்டியும் அரித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.