மார்கழிக்கு எட்டு வாரம் முன்னால்: தெருப் பிள்ளைகளுக்குக் கோல வகுப்பு நடத்துவது எப்படி?

கோல வகுப்பைத் தொடங்க ஏற்ற மாதம் ஐப்பசி. மார்கழி பிறக்க ஏறத்தாழ எட்டு வாரம் இருக்கும், அதற்குள் பிள்ளைகள் தங்கள் வீட்டு வாசலில் தாமே கோலம் போடுகிற அளவுக்கு வந்துவிடலாம். அது மழைக்காலம் என்பதால் மொட்டைமாடியை நம்பவேண்டாம். கூரை உள்ள சிமெண்டுத் தரைதான் வேண்டும். வழுவழுப்பான டைல்ஸில் மாவு பிடிக்காமல் நழுவும்.

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரு நேரத்தில் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரின் விரலையும் பார்க்க முடியாது. வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். கட்டணம் உங்கள் தெருவைப் பொறுத்தது. ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,800 வரும். மாவையும் சாக்பீஸையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், தனியாகக் கேட்டால் சங்கடம். மழைக்காக நாம் ரத்து செய்த வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டு, பிள்ளை வராமல் போனதற்கு இல்லை. இதை முதல் மாதப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடவேண்டும்.

முதல் இரண்டு வாரம்: புள்ளி மட்டும்

மாவைத் தொடவே வேண்டாம். சிலேட்டும் சாக்பீஸும் போதும். நேர்ப்புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு நேர் மேலே இன்னொரு புள்ளி. ஊடுபுள்ளி (சில ஊர்களில் சந்துப்புள்ளி) என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மேல் வரிசைப் புள்ளி விழும். ‘ஊடுபுள்ளி, 5 முதல் 3 வரை’ என்றால் வரிசைகள் 3, 4, 5, 4, 3 என்று அமையும். மொத்தம் 19 புள்ளி.

பிள்ளைகள் மேல் வரிசையிலிருந்து தொடங்குவார்கள். நாலாவது வரிசைக்கு வருவதற்குள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நடு வரிசையின் ஐந்து புள்ளிகளை முதலில் வைத்துவிட்டு, மேலும் கீழும் போகச் சொல்லுங்கள். சாய்வு பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாம் வாரம்: மாவு

கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த அரிசி மாவுதான் பழக நல்லது. மிக நைசான மாவு விரல் வியர்வையில் ஒட்டிக்கொண்டு கட்டியாக விழும். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் மாவு இருக்கட்டும், கட்டைவிரல் அதைத் தள்ளித் தள்ளிவிடவேண்டும். கோடு விட்டுவிட்டு விழுந்தால் கை தரைக்கு மிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். ஓர் அங்குல உயரத்துக்கு இறக்குங்கள். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரம் உள்ளே இழுத்தபிறகே தொடங்கவேண்டும். நீர் தேங்கியிருந்தால் மாவு கரைந்து கோடு பரவும்.

ஐந்தாம் வாரம் முதல்: சிக்குக் கோலம்

பல வகுப்புகள் இங்கேதான் தடுமாறும். ‘ஒரே கோட்டில் போடு’ என்று சொல்லிவிட்டு 3-க்கு 3 நேர்ப்புள்ளியைக் கொடுத்தால், பிள்ளை எத்தனை முறை முயன்றாலும் முடியாது. குறை பிள்ளையிடம் இல்லை, புள்ளிக் கணக்கில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போகிற எளிய சிக்கில், வரிசை எண்ணிக்கையையும் ஒரு வரிசையின் புள்ளி எண்ணிக்கையையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை தனிக் கோடுகள் வரும். 3-க்கு 3 என்றால் மூன்று கோடு. 2-க்கு 4 என்றால் இரண்டு. 2-க்கு 3, 3-க்கு 4 இவற்றில் ஒன்றே ஒன்று.

ஆகவே இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி என்று தொடங்குங்கள். புள்ளிகளுக்கு நடுவே நான்கு விரல் இடம் வேண்டும், குறைந்தால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். கீழ் வரிசையின் இடது ஓரப் புள்ளிக்குக் கீழே கோட்டைத் தொடங்கி, வலப்பக்கம் சாய்வாக மேலே ஏற்றச் சொல்லுங்கள். சொல்லவேண்டிய விதி இரண்டுதான்: புள்ளிகளுக்கு நடுவே போகும்போது திரும்பாமல் நேராகக் கடந்து போ, வெளி ஓரத்துக்கு வந்தால் அங்குள்ள புள்ளியை வளைத்துத் திரும்பு. கோடு ஆறு புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

சரிபார்க்க, வெட்டும் இடங்களை எண்ணச் சொல்லுங்கள். ஏழு இருக்கவேண்டும். ஆறுதான் இருந்தால் எங்கோ கடக்கவேண்டிய இடத்தில் பிள்ளை வளைத்துத் திரும்பியிருக்கிறது. கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் அந்த இடம் அகப்பட்டுவிடும்.

இது கைவந்தபின் 3-க்கு 4, பிறகு 4-க்கு 5. மார்கழி முதல் நாள் வாசலுக்கு 4-க்கு 5 தாராளம். யாராவது 5-க்கு 5 போட ஆசைப்பட்டால் தடுக்கவேண்டாம். அதில் ஐந்து கோடு வரும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.