சுருக்கம் எழுதும் முன் எண்களைப் பாருங்கள்

ஸ்கேன் செய்த பாடத்தில் எழுத்துப் பிழை இருந்தால் கண்ணை உறுத்தும். எண் பிழை உறுத்தாது, அப்படியே குறிப்புக்குள் போய்விடும். வேலூர்ப் புரட்சி நடந்த 1806, ஸ்கேனில் 1306 அல்லது 1808 ஆகலாம். 1306 என்றால் சந்தேகம் வரும். 1808 என்றால் யாருக்கு வரும்?

பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் வேறு சிக்கல். மேலே சிறிதாக இருக்கும் அடிக்குறிப்பு எண் 3, ஆண்டோடு ஒட்டி 18063 ஆகிவிடும். வேர்டில் தேடும் பெட்டியில் இதைப் போடுங்கள்:

```
^#^#^#^#^#
```

ஐந்து இலக்கம் சேர்ந்து வரும் இடங்கள் எல்லாம் அகப்படும். ஆனால் 350-இல் ஒட்டிய 2, அதாவது 3502, இதில் சிக்காது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் பக்கத் தலைப்பு. "கோட்டையைக் 152 வேலூர்ப் புரட்சி கைப்பற்றினர்" என்று வாக்கியத்துக்கு நடுவே வந்து உட்காரும். அந்த 152 பக்க எண். வீரர்களின் எண்ணிக்கை இல்லை. தலைப்பு வரியைத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். மொத்தமாக நீக்கினால் பாடத்துக்குள் வரும் 'வேலூர்ப் புரட்சி'யும் போய்விடும்.

மிச்சமிருக்கும் எண்களை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு, சுருக்கத்தைத் தொடங்குங்கள்.