அசெட் ரிஜிஸ்டரும் லெட்ஜரும் ஒத்துவரவில்லையா? ஆடிட்டருக்குப் பதில் கடிதம் எழுதும் முறை

"உங்கள் அசெட் ரிஜிஸ்டர்படி பிளான்ட் அண்ட் மெஷினரி 1,73,35,000, லெட்ஜரில் 1,84,60,000, வித்தியாசத்துக்கு விளக்கம் தரவும்" என்று ஆடிட்டரிடமிருந்து ஒரு வரி வந்தால், நிறைய பேர் "சில பதிவுகள் விடுபட்டுள்ளன, சரிசெய்து கொள்கிறோம்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அது பதிலே இல்லை. எந்தப் பதிவு, எவ்வளவு, ஏன், எந்த வவுச்சரில் சரிசெய்தீர்கள் என்ற நான்கும் வேண்டும், எல்லாம் சேர்ந்து 11,25,000 என்ற வித்தியாசத்தில் ரூபாய் பிசகாமல் வந்து நிற்க வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில், பிரைவேட் லிமிடெட் கம்பெனி, 2024-25 கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மில்லுக்கான கடிதத்தையே படிப்படியாக எழுதுவோம்.

முதலில் ஒரே வகையான இரண்டு தொகைகளைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள். ரிஜிஸ்டரில் வாங்கிய விலை இருக்கும், லெட்ஜரில் தேய்மானம் கழித்த மதிப்பு இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு வித்தியாசம் என்று பதறுவதில் பயனில்லை. வருமானவரிக்குப் போடும் தேய்மான அட்டவணையையும் இதில் கலக்காதீர்கள். அங்கே மெஷினரிக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், கம்பெனி சட்டத்தில் பொதுவாக 15 வருட ஆயுள், இரண்டும் ஒருநாளும் ஒத்துவராது. நம் மில்லில் இரண்டு பக்கமும் வாங்கிய விலைதான், இரண்டும் 31-3-2025 தேதிக்குத்தான். சரி, அப்படியென்றால் வித்தியாசம் நிஜம்.

அடுத்து ஆரம்ப இருப்பு. 1-4-2024 அன்று இரண்டிலும் என்ன இருந்தது? நம் மில்லில் இரண்டிலுமே 1,54,00,000. இது பெரிய நிம்மதி, ஏனென்றால் பழைய வருடங்களைத் தோண்ட வேண்டாம், இந்த ஒரு வருடத்தில் வந்ததையும் போனதையும் பார்த்தால் போதும். ஆரம்ப இருப்பே வேறாக இருந்தால் எந்த வருடம் ஒத்திருந்ததோ அதுவரை பின்னால் போயாக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இப்போது லெட்ஜரைத் திறந்து இந்த வருடத்துப் பற்று, வரவுகளை ரிஜிஸ்டரின் வரிகளோடு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். டிக் விழாத இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. நம் மில்லில் மூன்று சிக்கின.

முதலாவது, புது நெல் டிரையர், 9,00,000. பில் வந்ததும் லெட்ஜரில் ஏறிவிட்டது, ரிஜிஸ்டரில் ஏறவில்லை. இங்கே ஆடிட்டர் கேட்கப்போகும் கேள்வி "ஏன் ஏறவில்லை" என்பதல்ல, "மார்ச் 31-க்குள் டிரையர் ஓடத் தயாராக இருந்ததா" என்பது. நம் மில்லில் மார்ச் 20-ஆம் தேதி ட்ரயல் முடிந்து, தாளடி நெல்லைக் காயவைக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் ரிஜிஸ்டரில் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் ஏப்ரலில்தான் பிட்டிங்கே முடிந்தது என்றால் கதை மாறிவிடும். அப்போது ரிஜிஸ்டர் சரி, லெட்ஜர்தான் தப்பு. அந்தத் தொகையை மெஷினரியிலிருந்து எடுத்து, முடிவடையாத மூலதன வேலை என்ற தலைப்புக்கு மாற்ற வேண்டும், தேய்மானமும் போடக்கூடாது. ஆகவே கமிஷனிங் ரிப்போர்ட்டின் தேதியைப் பார்க்காமல் இந்தப் பத்தியை எழுதாதீர்கள்.

இரண்டாவதுதான் அதிகம் பேர் விழும் குழி. பழைய பக்கெட் எலிவேட்டரை காயலான் கடைக்கு 40,000-க்குப் போட்டார்கள். ரிஜிஸ்டரில் அதன் வாங்கிய விலை 3,60,000-ஐ முழுதாக நீக்கிவிட்டார்கள், அது சரி. லெட்ஜரிலோ வந்த பணம் 40,000-ஐ மட்டும் மெஷினரியில் வரவு வைத்திருக்கிறார்கள். மில்லில் இல்லாத எலிவேட்டர் லெட்ஜரில் இன்னும் 3,20,000-க்கு நின்றுகொண்டிருக்கிறது! விற்ற தொகைக்கும் வாங்கிய விலைக்கும் சம்பந்தமே இல்லை. விற்றால் வாங்கிய விலை முழுவதும் போக வேண்டும், அதுவரை சேர்ந்த தேய்மானமும் போக வேண்டும், மிச்சத்தை விற்ற தொகையோடு ஒப்பிட்டால் லாபமோ நட்டமோ தெரியும். எலிவேட்டருக்குச் சேர்ந்த தேய்மானம் 3,30,000, மிச்சம் 30,000, விற்றது 40,000, லாபம் 10,000. திருத்தப் பதிவு இப்படி வரும்:

```
சேர்ந்த தேய்மானம்          பற்று   3,30,000
   பிளான்ட் அண்ட் மெஷினரி  வரவு   3,20,000
   சொத்து விற்ற லாபம்       வரவு     10,000
```

மூன்றாவது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கலர் சார்ட்டர் பில் 22,00,000. அதைக் கொண்டுவந்த லாரி வாடகையும் நிறுத்திக் கொடுத்த கூலியும் 95,000. ரிஜிஸ்டரில் சேர்த்து 22,95,000 என்று இருக்கிறது, லெட்ஜரில் அந்த 95,000 செலவுக் கணக்குக்குப் போய்விட்டது. மெஷினை அதன் இடத்தில் ஓடும் நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆன செலவு சொத்தின் விலையில்தான் சேர வேண்டும், கணக்கியல் தரம் 10 அதைத்தான் சொல்கிறது. ஆக இங்கே ரிஜிஸ்டர் சரி. அப்புறம், பில்லைப் பார்க்கும்போதே ஜிஎஸ்டியையும் பார்த்துவிடுங்கள். உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்ட தொகையை ரிஜிஸ்டரில் விலையோடு சேர்த்து எழுதியிருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

கூட்டிப் பாருங்கள்: 9,00,000 + 3,20,000 − 95,000 = 11,25,000. வந்துவிட்டது. வராவிட்டால் கடிதம் எழுதாதீர்கள், இன்னும் எதையோ பார்க்கவில்லை. மிச்சத்தை "இதர வித்தியாசம்" என்று ஒரு வரியில் அடைத்து ஒப்பேற்றினால், ஆடிட்டரின் அடுத்த கேள்வி அந்த வரியைப் பற்றித்தான் இருக்கும்.

திருத்தும்போது பழைய பதிவைத் தொடாதீர்கள். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் 1-4-2023 முதல் எடிட் லாக் இருந்தாக வேண்டும், யார் எப்போது மாற்றினார் என்பது அதில் தெரியும். கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால் 31-3-2025 தேதியிட்டுப் புதிதாக ஜர்னல் போடுங்கள், விவரக் குறிப்பில் காரணத்தையும் எழுதுங்கள்.

இனி கடிதம். வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்ட் மேல் பழிபோடும் வாக்கியம் எதுவும் வேண்டாம், அது யாருக்கும் பயன்படாது.

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: 31-3-2025 அன்று பிளான்ட் அண்ட் மெஷினரி, ரிஜிஸ்டருக்கும் லெட்ஜருக்கும் உள்ள வித்தியாசம் ரூ.11,25,000.
>
> தங்கள் கேள்விக்கான விளக்கம். 1-4-2024 அன்று இரண்டிலும் இருப்பு ரூ.1,54,00,000. வித்தியாசம் முழுவதும் இந்த ஆண்டின் மூன்று பதிவுகளால் ஏற்பட்டது.
>
> 1. நெல் டிரையர், ரூ.9,00,000. லெட்ஜரில் உள்ளது, ரிஜிஸ்டரில் விடுபட்டது. 20-3-2025 முதல் பயன்பாட்டில் உள்ளது. ரிஜிஸ்டரில் சேர்த்துவிட்டோம். 12 நாள் தேய்மானம் ரூ.1,874. இணைப்பு: பில், கமிஷனிங் ரிப்போர்ட்.
>
> 2. விற்கப்பட்ட எலிவேட்டர், ரூ.3,20,000. லெட்ஜரில் விற்ற தொகை ரூ.40,000 மட்டும் கழிக்கப்பட்டிருந்தது. வாங்கிய விலை ரூ.3,60,000 முழுவதையும் நீக்கி, லாபம் ரூ.10,000 காட்டியுள்ளோம். இணைப்பு: விற்பனை பில், எடைமேடைச் சீட்டு, இயக்குநர் ஒப்புதல், ஜர்னல் வவுச்சர்.
>
> 3. கலர் சார்ட்டர் வாடகை, கூலி, ரூ.95,000. ரிஜிஸ்டரில் உள்ளது, லெட்ஜரில் செலவாக எழுதப்பட்டிருந்தது. சொத்துக் கணக்குக்கு மாற்றியுள்ளோம். 1-10-2024 முதல் இதற்கான தேய்மானம் ரூ.3,000. இணைப்பு: ரசீதுகள், ஜர்னல் வவுச்சர்.
>
> திருத்தத்துக்குப் பின் ரிஜிஸ்டர், லெட்ஜர் இரண்டும் ரூ.1,82,35,000.
>
> இப்படிக்கு,
> இயக்குநர்

தேய்மானத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். டிரையருக்கு 9,00,000-இல் 5 சதவீதம் கழிவு மதிப்பை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை 15-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 57,000, அதில் 365-க்கு 12 நாள். சார்ட்டரின் 95,000-க்கும் அதே கணக்குதான், 182 நாள்.

அனுப்புவதற்கு முன் டிரையரின் மேல் ரிஜிஸ்டரில் உள்ள எண்ணை பெயின்டில் எழுதிவிடுங்கள். கடிதத்தைப் படித்துவிட்டு ஆடிட்டரின் ஆள் மில்லுக்கு வந்து "எது அந்த மெஷின்?" என்று கேட்டால், அந்த எண்ணைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.